‘ரொம்பத்தான் கேக்குறாங்க’ன்னு நினைச்சுடுவாங்களோ? சம்பள உயர்வு கேட்க நினைக்கும் பெண்ணைத் தடுக்கும் அந்த ஒரு பயம்!

கிண்டியிலிருந்து மின்சார ரயிலில் தாம்பரம். அங்கிருந்து ஷேர் ஆட்டோவில் சேலையூர், கேம்ப் ரோடு, ராஜகீழ்ப்பாக்கம் தாண்டி செம்பாக்கம். தினமும் போக வர இரண்டரை மணி நேரம். அந்த நேரத்தில் மனசுக்குள் ஒரு வாக்கியம் ஓடிக்கொண்டே இருக்கிறது. “சார், என் சம்பளத்தைப் பத்திக் கொஞ்சம் பேசணும்.”

காலையில் போகும்போது வாக்கியம் தெளிவாக இருக்கும். ஆபீஸ் வாசலை மிதித்ததும் தொண்டையிலேயே நின்றுவிடும். “இப்ப கேட்டா, பணத்துலயே குறியா இருக்கான்னு நினைப்பாங்களோ?” மாலையில் அதே வாக்கியத்தோடு திரும்பி வருவார்.

அவருக்கு மாலதி என்று பெயர் வைத்துக்கொள்வோம். வயது 32. கிண்டி தொழிற்பேட்டையில் உதிரிபாகங்கள் செய்யும் ஒரு சின்ன கம்பெனியில் அக்கவுன்ட்ஸ் வேலை. மாதச் சம்பளம், பிடித்தங்களுக்கு முன் 28,000 ரூபாய். செம்பாக்கத்தில் தெருவுக்கு ஒரு மாலதியாவது இருப்பார். வேலை மாறலாம், சம்பளம் மாறலாம். தொண்டையில் நிற்கும் அந்த வாக்கியம் மட்டும் மாறாது.

“தைரியமா கேளும்மா” என்று சொல்வது சுலபம். ஆனால், இந்தப் பயம் வெறும் கூச்சம்தானா? இல்லை என்கின்றன ஆய்வுகள். அந்தப் பயத்துக்குக் காரணம் இருக்கிறது. அதைத் தெரிந்துகொண்டால்தான், தாண்டும் வழியும் தெரியும்.

பயம் பொய்யல்ல!

நம் ஊரில் சம்பளம் கேட்டு வாங்கும் ஆணுக்கு ‘விவரமானவன்’ என்று பெயர். அதையே ஒரு பெண் செய்தால் ‘வாய் ஜாஸ்தி’, ‘ஓவரா பண்றா’, ‘பணம்தான் முக்கியம் போல’. இதை நாம் காதால் கேட்டிருக்கிறோம். அமெரிக்காவில் இதைச் சோதனை செய்தே பார்த்திருக்கிறார்கள்.

ஹன்னா ரைலி போல்ஸ், லிண்டா பாப்காக், லெய் லாய் என்ற மூன்று ஆய்வாளர்கள் 2007-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். வேலைக்குத் தேர்வாகும் நிலையில் இருக்கும் ஒருவர் கூடுதல் சம்பளம் கேட்கிறார். இன்னொருவர் கொடுத்ததை ஏற்றுக்கொள்கிறார். இவர்களில் யாரோடு சேர்ந்து வேலை செய்ய விரும்புவீர்கள் என்று மற்றவர்களிடம் கேட்டார்கள். மதிப்பிட்டவர்கள் ஆண்களாக இருந்தபோது, சம்பளம் கேட்ட ஆணைவிட, சம்பளம் கேட்ட பெண்ணுக்கே அதிகம் மதிப்பு குறைந்தது. மதிப்பிட்டவர்கள் பெண்களாக இருந்தபோது, கேட்டவர் ஆணோ பெண்ணோ, இருவருக்குமே மதிப்பு குறைந்தது. ‘இவங்க ரொம்ப டிமாண்ட் பண்றவங்க, இனிமையானவங்க இல்லை’ என்ற எண்ணம்தான் அதற்குப் பின்னால் இருந்தது.

அதாவது, மாலதியின் பயம் அவர் மனசு கட்டிய கதை இல்லை. தப்பாக நினைக்கிறவர்கள் உண்மையிலேயே இருக்கிறார்கள்.

ஆஸ்திரேலிய ஊழியர்களின் தகவல்களை வைத்து பெஞ்சமின் ஆர்ட்ஸ், அமாண்டா குடால், ஆண்ட்ரூ ஆஸ்வால்டு ஆகியோர் 2018-ல் வெளியிட்ட ஆய்வு இன்னொன்றைச் சொன்னது. ஒரே மாதிரியான வேலையில் இருக்கும் ஆண்களையும் பெண்களையும் ஒப்பிட்டால், பெண்களும் ஏறக்குறைய ஆண்கள் அளவுக்கே சம்பள உயர்வு கேட்கிறார்கள். ஆனால், கேட்ட ஆண்களில் 20 சதவிகிதம் பேருக்கு உயர்வு கிடைக்க, கேட்ட பெண்களில் 15 சதவிகிதம் பேருக்கே கிடைத்தது. ‘பெண்கள் கேட்பதே இல்லை, அதனால்தான் சம்பளம் குறைவு’ என்று பழியை முழுக்கப் பெண் மீதே போட முடியாது என்பதற்கு இது ஒரு சாட்சி.

அப்படியானால் வாயை மூடிக்கொண்டு இருப்பதுதான் புத்திசாலித்தனமா? அதற்கும் ஒரு விலை இருக்கிறது.

மாலதி எதுவும் கேட்காவிட்டால், கம்பெனி எல்லோருக்கும் போடும் 7 சதவிகித இன்கிரிமென்ட் அவருக்கும் வரும். 28,000 என்பது சுமார் 30,000 ஆகும். கேட்டு 33,000 வாங்கினால் வித்தியாசம் மாதம் 3,000. ஒரு வருடத்துக்கு 36,000. அடுத்தடுத்த வருடங்களில் உயர்வு சதவிகிதத்தில்தான் வரும் என்பதால், இந்த வித்தியாசமும் கூடவே வளரும். வருடம் 8 சதவிகிதம் என்று வைத்தால், பத்து வருடத்தில் அது சுமார் 5.2 லட்சம் ரூபாய். கேட்காமல் விட்ட ஒரு பேச்சின் விலை அது.

எண் தெரிந்தால் பாதி பயம் போகும்

ஆண், பெண் சம்பள வித்தியாசம் எங்கே பெரிதாகிறது? சம்பளம் எவ்வளவு என்பதே மூடுமந்திரமாக இருக்கும் இடத்தில். போல்ஸ், பாப்காக், கேத்லீன் மெக்கின் மூவரும் 2005-ல் எம்.பி.ஏ. முடித்து வேலைக்குப் போனவர்களைப் பற்றி எழுதியதில் இது வெளிப்பட்டது. எவ்வளவு சம்பளம் கேட்கலாம் என்பது ஓரளவு எல்லோருக்கும் தெரிந்த துறைகளில் ஆணுக்கும் பெண்ணுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. அது தெளிவில்லாத துறைகளில் பெண்கள் வருடத்துக்குச் சுமார் 10,000 டாலர் குறைவாக வாங்கினார்கள்.

எனவே மாலதியின் முதல் வேலை, மேனேஜரின் அறைக்குள் நுழைவது அல்ல. எண்ணைத் தெரிந்துகொள்வது.

“உனக்கு எவ்வளவு சம்பளம்?” என்று யாரிடமும் கேட்க முடியாது. கேட்டாலும் பதில் வராது. கேள்வியைக் கொஞ்சம் மாற்றினால் பதில் வரும். “மூணு வருஷ அனுபவத்தோட, ஜி.எஸ்.டி., டி.டி.எஸ். எல்லாம் தனியா பார்க்கிற ஆளை இப்ப புதுசா எடுத்தா, உங்க கம்பெனியில எவ்வளவு தருவாங்க?” இதற்கு யாரும் தயங்க மாட்டார்கள். ஏனென்றால், இது அவர்களுடைய சம்பளத்தைப் பற்றிய கேள்வி இல்லை.

மூன்று பேரிடமாவது கேட்க வேண்டும். அதில் ஒருவராவது ஆணாக இருப்பது முக்கியம். குறைவான சம்பளம் வாங்கும் பெண், குறைவான சம்பளம் வாங்கும் தன் தோழிகளிடம் மட்டும் விசாரித்தால், அந்தக் குறைவான எண்ணே ‘மார்க்கெட் ரேட்’ ஆகிவிடும். இதோடு வேலைவாய்ப்புத் தளங்களில் அதே ஏரியாவில், அதே வேலைக்கு வந்திருக்கும் விளம்பரங்களையும் பார்த்துக்கொள்ளலாம்.

மாலதிக்கு 32,000 முதல் 36,000 வரை என்று பதில் கிடைத்தது என்று வைத்துக்கொள்வோம். இப்போது அவர் இரண்டு எண்களை எழுதி வைக்க வேண்டும். கேட்கப்போவது 35,000. அதற்குக் கீழே போனால் மனசு ஒப்பாது என்ற எண் 32,000. இந்த இரண்டாவது எண் அவருக்கு மட்டும் தெரிந்தால் போதும்.

இந்த இடத்தில்தான் ஒரு தவறு நடக்கும். 35,000 என்று எழுதிய கை, பேசப் போகும் முந்தின இரவு அதை 32,000 என்று திருத்தும். “35 ரொம்ப ஓவரோ?” என்று தோன்றும். யாரும் மறுப்பதற்கு முன்பே, தனக்குத் தானே பேரம் பேசிக் குறைத்துக்கொள்வது இது. எமிலி அமானத்துல்லா, மைக்கேல் மோரிஸ் இருவரும் 2010-ல் வெளியிட்ட ஆய்வில் இதைப் பார்த்தார்கள். தனக்காகப் பேரம் பேசும்போது பெண்கள், கெட்ட பெயர் வருமோ என்ற எண்ணத்தில் குறைவாகவே கேட்டார்கள். இன்னொருவருக்காகப் பேசும்போது ஆண்களுக்குச் சமமாக நின்று கேட்டார்கள்.

ஆக, பெண்களுக்குப் பேரம் பேசத் தெரியாது என்பது இல்லை. கோயம்பேட்டிலும் தி.நகரிலும் பார்த்திருக்கிறோமே! தடுப்பது ‘எனக்காக’ என்ற வார்த்தைதான். அதனால், எண்ணைக் குறைக்கத் தோன்றும் அந்த இரவில் ஒரே ஒரு கேள்வி போதும். “இதே வேலையை என் தங்கச்சி செஞ்சிருந்தா, எவ்வளவு கேளுன்னு சொல்லியிருப்பேன்?” அந்த எண்தான் சரியான எண்.

பதவியின் பெயரை விடுங்கள், வேலையை எழுதுங்கள்

இந்தியாவில் பெண் ஊழியரின் சம்பளத்துக்காக நடந்த முக்கியமான வழக்கு ஒன்று உண்டு. மும்பையில் மெக்கின்னன் மெக்கன்சி என்ற கம்பெனியில் ஸ்டெனோகிராபராக இருந்தவர் ஆட்ரி டி’காஸ்டா. 1977-ல் அவர் வேலையிலிருந்து நீக்கப்பட்டார். அதன் பிறகுதான், தன்னைப் போலவே வேலை பார்த்த ஆண் ஸ்டெனோகிராபர்களைவிடத் தனக்குக் குறைவாகக் கொடுத்தார்கள் என்று புகார் செய்தார். அவருக்கு வரவேண்டியிருந்த நிலுவை சுமார் 7,200 ரூபாய்.

பெண்கள் அதிகாரிகளோடு இணைந்து வேலை செய்யும் தனிப் பிரிவினர், ‘கான்ஃபிடென்ஷியல் லேடி ஸ்டெனோகிராபர்’கள் என்றது கம்பெனி. தொழிற்சங்கத்தோடு போட்ட ஒப்பந்தப்படிதான் சம்பளம் கொடுத்தோம் என்றது. கொடுக்கும் அளவுக்கு நிதிநிலை இல்லை என்றும் சொன்னது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 1987 மார்ச்சில் தீர்ப்பு டி’காஸ்டா பக்கம் வந்தது. பதவிக்கு என்ன பெயர் வைத்தாலும், செய்யும் வேலை ஒன்றாகவோ ஒரே தன்மையுடையதாகவோ இருந்தால் சம்பளமும் சமமாக இருக்க வேண்டும், நிதிநிலையைக் காரணம் காட்டித் தப்ப முடியாது என்பதுதான் அதன் சாரம்.

அந்தத் தீர்ப்புக்கு அடிப்படை 1976-ம் ஆண்டின் சம ஊதியச் சட்டம். இப்போது அதன் இடத்தில் 2019-ம் ஆண்டின் ஊதியச் சட்டத் தொகுப்பு இருக்கிறது. ஒரே வேலைக்குப் பாலினம் பார்த்துச் சம்பளத்தில் பாகுபாடு கூடாது என்பது அதிலும் தொடர்கிறது.

மாலதி கோர்ட்டுக்குப் போக வேண்டியதில்லை. ஆனால், அந்த வழக்கில் அவருக்கு ஒரு பாடம் இருக்கிறது. நீதிமன்றம் பார்த்தது ஆளையும் இல்லை, பதவியின் பெயரையும் இல்லை. வேலையைப் பார்த்தது. சம்பளம் கேட்கும்போது பேச்சு ‘நான்’ என்பதைச் சுற்றியே இருந்தால், கேட்பவருக்கு ‘இவங்க எப்படிப்பட்டவங்க’ என்ற எண்ணம் ஓடும். பேச்சு வேலையைச் சுற்றி இருந்தால், ‘இந்த வேலைக்கு என்ன மதிப்பு’ என்ற கணக்கு ஓடும். ‘டிமாண்ட் பண்றாங்க’ என்ற பெயர் ஒட்டுவது முதல் இடத்தில்தான்.

அதனால் மாலதி ஒரு தாளை எடுத்து நடுவில் கோடு போட வேண்டும். இடது பக்கம், வேலைக்குச் சேர்ந்தபோது சொன்ன வேலை. பர்ச்சேஸ் பில் பதிவது, பேங்க் கணக்கைச் சரிபார்ப்பது. வலது பக்கம், இன்று செய்கிற வேலை. போன வருடம் ஒருவர் விலகிய பிறகு, மாதம் 7-ம் தேதிக்குள் டி.டி.எஸ். கட்டுவது, 11-ம் தேதி, 20-ம் தேதி ஜி.எஸ்.டி. தாக்கல்கள் எல்லாம் இவர் தலையில்தான். ஒரு மாதம்கூட அபராதம் கட்டவில்லை. சப்ளையர்கள் ஜி.எஸ்.டி. தளத்தில் ஏற்றாமல் விட்ட பில்களைத் தேடிப்பிடித்து, போன் மேல் போன் போட்டு ஏற்ற வைத்ததில், கம்பெனிக்கு 1,80,000 ரூபாய் வரிக் கழிவு கிடைத்தது.

‘நான் ரொம்ப உழைக்கிறேன்’ என்ற வரி இந்தத் தாளில் தேவையே இல்லை. தேதியும் தொகையும் அதைச் சொல்லிவிடும்.

எப்போது, எப்படிக் கேட்பது?

ஏப்ரலில் இன்கிரிமென்ட் லெட்டர் கொடுக்கும் கம்பெனிகளில், யாருக்கு எவ்வளவு என்பது பெரும்பாலும் மார்ச்சுக்குள் முடிவாகிவிடும். லெட்டர் கைக்கு வந்த பிறகு கேட்டால், முடிந்துபோன கணக்கை மேனேஜர் மேலிடத்தில் திரும்பத் திறக்க வேண்டியிருக்கும். ஜனவரி கடைசி அல்லது பிப்ரவரியில் கேட்டால், அவர் பட்ஜெட்டில் சேர்த்தால் போதும். மாலதியின் வேலைக்கு இன்னொரு கணக்கும் உண்டு. 20-ம் தேதி தாக்கல் முடிந்த மறுநாள், எல்லோரும் மூச்சு விடும் நேரம்.

காரிடாரில் நின்றபடி கேட்கும் பேச்சல்ல இது. “சார், என் வேலையையும் சம்பளத்தையும் பத்தி ஒரு 15 நிமிஷம் பேசணும். இந்த வாரம் எப்ப வரலாம்?” என்று முன்கூட்டியே சொல்லிவிட்டால், அவரும் யோசித்து வைத்திருப்பார்.

உள்ளே போனதும் என்ன சொல்வது? இங்கே போல்ஸும் பாப்காக்கும் 2013-ல் வெளியிட்ட இன்னோர் ஆய்வு கைகொடுக்கிறது. வெறுமனே சம்பளம் கேட்ட பெண்ணைவிட, ஏன் கேட்கிறார் என்பதை நிறுவனத்தோடு தனக்கு உள்ள உறவோடு சேர்த்துச் சொன்ன பெண்ணுக்கு, பணம் தரவும் சம்மதித்தார்கள், அவரோடு வேலை செய்யவும் விரும்பினார்கள். சம்பளத்தைப் பேசி வாங்கும் இந்தத் திறமை வேலையிலும் கம்பெனிக்குப் பயன்படும் என்று சொல்வது அதில் ஒரு வழி. தன் டீம் லீடரே இதைப் பற்றிப் பேசச் சொன்னார் என்பது இன்னொரு வழி. உண்மையிலேயே சொல்லியிருந்தால் மட்டும் இரண்டாவதைப் பயன்படுத்துங்கள். பொய் என்றால் அன்றைக்கே தெரிந்துவிடும்.

மாலதியின் வாயில் அது இப்படி வரலாம்.

“சார், போன வருஷம் ஜி.எஸ்.டி., டி.டி.எஸ். ரெண்டும் என்கிட்ட வந்துச்சு. ஒரு மாசம்கூட லேட் ஃபீ கட்டலை. விட்டுப்போன பில்லைப் பிடிச்சு 1,80,000 ரூபாய் கிரெடிட் வாங்கினோம். சப்ளையர்ங்ககிட்ட விடாம பேசித்தான் அதை வாங்க முடிஞ்சது. அதே மாதிரிதான் இதையும் உங்ககிட்ட நேரடியா பேசறேன். இந்த வேலைக்கு வெளியில 32-லேருந்து 36 வரைக்கும் தர்றாங்க. எனக்கு 35,000 ஆக்கித் தரணும் சார்.”

இத்தோடு நிறுத்திவிட வேண்டும். இதுதான் இருப்பதிலேயே கஷ்டமான இடம். எதிரில் இருப்பவர் ஐந்து நொடி பேசாமல் இருந்தால், “உங்களால முடிஞ்சதைப் பாருங்க சார், பரவாயில்லை” என்று வாய் தானாக வரும். அந்த ஒரு வரியில் 3,000 ரூபாய் போய்விடும். அந்த ஐந்து நொடியில் அவர் கணக்குப் போடுகிறார். போடட்டும்.

‘வீட்டு லோன் இருக்கு சார்’, ‘பையனை ஸ்கூல்ல சேர்க்கணும் சார்’ என்பவையும் வேண்டாம். அதைச் சொன்னதும் பேச்சு வேலையிலிருந்து வீட்டுக்குப் போய்விடும். வீட்டுக்குப் போனால் அடுத்து என்ன வரும் என்று எல்லாப் பெண்களுக்கும் தெரியும்.

“உங்க ஹஸ்பெண்ட் நல்லாத்தானே சம்பாதிக்கிறார்?”

இந்தக் கேள்வி சில இடங்களில் சிரித்துக்கொண்டே வரும். சண்டை போடவும் வேண்டாம், கணவரின் சம்பளக் கணக்கைச் சொல்லவும் வேண்டாம். “அது அவர் பார்க்கிற வேலைக்கு சார். நான் இங்க பார்க்கிற வேலையைப் பத்திப் பேச வந்தேன்” என்று அதே சிரிப்போடு தாளைத் தள்ளினால் போதும்.

“இவ்வளவு கேக்குறீங்களே?” என்பது இன்னொரு கேள்வி. இதற்கு மன்னிப்புக் கேட்கும் குரலில் பதில் சொன்னால், கேட்டதே தப்பு என்று ஆகிவிடும். “எந்த இடத்துல அதிகமா தெரியுது சார்? சேர்ந்தப்ப சொன்ன வேலை இது, இப்ப செய்ற வேலை இது” என்று திருப்பிக் கேட்கலாம். பேச்சு மறுபடியும் வேலைக்கு வந்துவிடும்.

மூன்றாவது பதில்தான் ஏமாற்றக்கூடியது. “நீங்க நல்லா பண்றீங்க, கண்டிப்பா பாப்போம்.” இது சம்மதம் மாதிரியே காதில் விழும். சம்மதமா, சமாளிப்பா என்று கண்டுபிடிக்க ஒரே வழி, தேதி கேட்பது. “எப்ப சார் முடிவு தெரியும்?” என்று கேட்டால், சம்மதிக்கிறவர் ஒரு தேதி சொல்வார். சமாளிக்கிறவர் மறுபடியும் “பாப்போம்” என்பார். பட்ஜெட் உண்மையிலேயே இல்லை என்றால், “அப்ப இப்ப 32 ஆக்கிட்டு, அக்டோபர்ல மறுபடி பார்க்கலாமா? அதுக்குள்ள நான் என்ன செஞ்சு காட்டணும்?” என்று கேட்கலாம்.

என்ன பேசினாலும், அன்று மாலையே மூன்று வரியில் ஒரு மெயில் போட வேண்டும். நன்றி, பேசிய விஷயம், சொன்ன தேதி. அக்டோபரில் மேனேஜரே மாறிவிட்டாலும் அந்த மெயில் இருக்கும்.

கையில் எவ்வளவு வரும்?

“சரி, மாசம் 5,000 ஏத்தறோம்” என்று பதில் வந்துவிட்டது. சந்தோஷத்தில் எழுந்து வருவதற்கு முன் ஒரு கேள்வி மிச்சம் இருக்கிறது. “இது சி.டி.சி-யிலயா சார், கிராஸ்லயா?”

சி.டி.சி. என்பது ஊழியருக்காகக் கம்பெனி செய்யும் மொத்தச் செலவு. கம்பெனி கட்டும் பி.எஃப். பங்கு, கிராஜுட்டிக்கு ஒதுக்குவது எல்லாம் அதற்குள் இருக்கும். 5,000-ல் பாதி, அதாவது 2,500 அடிப்படைச் சம்பளத்தில் சேருகிறது என்று வைப்போம். முழு அடிப்படைச் சம்பளத்துக்கும் பி.எஃப். பிடிக்கும் கம்பெனி என்றால், அதன் பங்கு 12 சதவிகிதம், 300 ரூபாய். கிராஜுட்டி 4.81 சதவிகிதம், சுமார் 120 ரூபாய். மீதி 4,580-தான் கிராஸ் சம்பளத்தில் ஏறும். அதில் ஊழியர் பங்காக இன்னொரு 300 பி.எஃபுக்குப் போனால், கையில் கூடுவது 4,280. பி.எஃப். பணம் எங்கும் போய்விடாது, அதுவும் மாலதியுடையதுதான். ஆனால், 5,000 வரும் என்று சீட்டு கட்டியவர்களுக்கு மாதக் கடைசியில் இடிக்கும். அதனால் கேட்கும்போதே ‘கிராஸ் 35,000’ என்று சொல்லிக் கேட்பது நல்லது.

தனியாகக் கேட்க முடியாத இடத்தில்...

இத்தனையும் ஒருவருக்கு ஒருவர் பேசி முடிவாகும் சம்பளத்துக்குத்தான் பொருந்தும். தாம்பரம் ஏற்றுமதி மண்டலத்திலோ வேறு தொழிற்சாலையிலோ, லைனில் நிற்கும் எல்லோருக்கும் ஒரே கிரேடு, ஒரே கூலி என்றால், ஒரு பெண் மட்டும் உள்ளே போய்க் கேட்டு எதுவும் நடக்காது. அங்கே சேர்ந்துதான் கேட்க வேண்டும்.

2015 செப்டம்பரில் மூணாறு தேயிலைத் தோட்டப் பெண்கள் அதைத்தான் செய்தார்கள். பெரும்பாலும் தமிழ்ப் பெண்கள். போனஸ் 20 சதவிகிதத்திலிருந்து 10 ஆகக் குறைக்கப்பட்டபோது, தங்கள் தொழிற்சங்கத் தலைவர்களையே ஒதுக்கி வைத்துவிட்டு, ‘பெண்பிளை ஒருமை’ என்ற பெயரில் ஆயிரக்கணக்கில் வந்து மூணாறு சாலையில் உட்கார்ந்தார்கள். ஒன்பது நாளில் 20 சதவிகிதத்துக்கு வழி பிறந்தது. ‘எனக்கு’ என்று கேட்கத் தயங்கும் குரல், ‘எங்களுக்கு’ என்று வரும்போது எவ்வளவு உரக்க ஒலிக்கும் என்பதைக் கேரளமே பார்த்தது.

கேட்ட பிறகு...

மாலதிக்கு 33,000 கிடைத்தது என்று வைத்துக்கொள்வோம். கேட்ட 35 இல்லை. ஆனால் ஒப்பாது என்று எழுதிய 32-க்கு மேலே. இப்போது அடுத்த பயம் வரும். “சார் முன்ன மாதிரி பேசலையோ? காலையில குட்மார்னிங் சொன்னப்ப நிமிர்ந்து பார்க்கலையே?”

ஒரு நாள் முகத்தை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. பார்க்க வேண்டியது முகத்தை இல்லை, வேலையை. முன்பு கூப்பிட்ட மீட்டிங்குக்கு இப்போதும் கூப்பிடுகிறார்களா? முக்கியமான ஃபைல்கள் இன்னும் உங்களிடம்தான் வருகின்றனவா? அப்படியென்றால் எதுவும் மாறவில்லை, ஓர் அசௌகரியமான பேச்சு நடந்தது, அவ்வளவுதான். இரண்டு மூன்று மாதமாக வேலை ஒவ்வொன்றாகக் கைமாறிக்கொண்டே இருந்தால், அது வேறு செய்தி. அப்போது அந்த இரண்டு பக்கத் தாளை வைத்துப் புது பயோடேட்டா எழுதிவிடலாம். பாதி வேலை ஏற்கெனவே முடிந்திருக்கும்.

கேட்பவள் கெட்டவள் ஆகிவிடாமல் இருக்க வார்த்தையை அளந்து பேச வேண்டியிருப்பது நியாயமா என்றால், நியாயமில்லைதான். ஆண்களுக்கு இந்தக் கணக்கு இவ்வளவு தேவைப்படுவதில்லை. ஆனால், அந்த நியாயம் வரும்வரை இன்கிரிமென்ட் லெட்டர் காத்திருக்காது.

செம்பாக்கத்தில் ஷேர் ஆட்டோவிலிருந்து இறங்கி வீட்டுக்குப் போகும் மாலதியிடம் அம்மா கேட்பார், “ஏம்மா, இருக்கிற வேலைக்கு வம்பு வந்துடாதே?” போன வருடம்வரை அந்தக் கேள்விக்கு மாலதியிடம் பதில் இல்லை. இப்போது கைப்பையில் கோடு போட்ட ஒரு தாள் இருக்கிறது.

“வராதும்மா. வேலையைப் பத்தித்தான் பேசினேன்.”